“அஞ்சு எழுத்து, விடை என்ன?” – குறிப்பும் இல்லாமல், வெட்டும் எழுத்தும் இல்லாமல் வரும் குறுக்கெழுத்துக் கேள்வியை விடை வரை கொண்டுபோவது எப்படி

என் சித்தி அனுப்பும் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: “ஏம்ப்பா, அஞ்சு எழுத்துல ஒரு வார்த்தை சொல்லேன். பத்தாவது கட்டத்துல மாட்டிக்கிட்டேன்.” அவ்வளவுதான். குறிப்பு என்ன, வலப்பக்கம் போகிறதா கீழே போகிறதா, குறுக்கே போகும் சொல்லிலிருந்து ஏற்கெனவே எந்த வெட்டும் எழுத்தாவது விழுந்திருக்கிறதா, எதுவும் இருக்காது. அவர் கண் முன்னே முழுப் புதிரும் விரிந்து கிடக்கிறது. அதனால் எதிரில் இருப்பவருக்கும் அது தெரிகிறது என்று மனம் நினைத்துக்கொள்கிறது. புதிரில் மூழ்கியிருக்கும் யாருக்கும் இது நடக்கும்.

வணக்கம், பழக்கம், பட்டணம், புத்தகம், கைக்குட்டை என்று ஐந்தெழுத்துச் சொற்களை அடுக்கிக்கொண்டே போகலாம். நீளம் மட்டும் தெரிந்தால் விடை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒற்றை எண்ணிலிருந்து தொடங்கி, சரியான வரிசையில் நாலைந்து கேள்வி கேட்டால் பெரும்பாலும் விடைக்குப் போய்விடலாம். உதவி கேட்பவரும் சரி, உதவி செய்பவரும் சரி, இருவருக்குமான வரிசை இது.

ஒரு சின்ன வரலாற்றுச் செய்தி இங்கே பொருத்தமாக இருக்கும். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிரைத்தான் முதல் குறுக்கெழுத்து என்று சொல்கிறார்கள். அதில் எழுத்து எண்ணிக்கையைத் தனியாகப் போடவில்லை. சொல் தொடங்கும் கட்டத்தின் எண், முடியும் கட்டத்தின் எண், பக்கத்தில் குறிப்பு, அவ்வளவுதான். நீளத்தைக் கட்டத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். மேல்பக்கத்தில் ‘ஃபன்’ என்ற ஆங்கிலச் சொல்லை முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்திருந்தார். ஆக, அந்த முதல் புதிரிலேயே குறிப்பும் இருந்தது, சில வெட்டும் எழுத்துகளும் இருந்தன. நீளம் என்பது கட்டத்தின் அளவு மட்டும்தான்.

முதல் படி: அந்த எண்ணையே நம்பாதீர்கள்

கையில் இருக்கும் ஒரே தகவல் நீளம். அதுவே தவறாக இருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் தமிழில். ‘அம்மா’ எத்தனை எழுத்து? வாயால் சொல்லிப் பார்த்து அசையை எண்ணுபவர் இரண்டு என்பார். கட்டத்தில் எழுதினால் அ, ம், மா என்று மூன்று. கணினியைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும், ஏனென்றால் அது புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியாக எண்ணுகிறது. ஒரே சொல்லுக்கு மூன்று நீளம்.

அதனால் முதல் கேள்வி “எத்தனை எழுத்து?” என்று இருக்கக் கூடாது. “எத்தனை வெள்ளைக் கட்டம்? விரல் வைத்து எண்ணிச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதை ஒருமுறை நினைவுபடுத்திவிட்டால் போதும். குறிப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எண் இருந்தால் அதையும் கட்டத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அச்சுப் பிழையாக இருக்கலாம். பக்கத்துச் சொல்லின் கட்டத்தைச் சேர்த்து எண்ணியதாகவும் இருக்கலாம். அடைப்புக்குறிக்குள் 3, 4 என்று இரண்டு எண் இருந்தால் விடை இரண்டு சொல். கேட்பவர் அதைக் கூட்டி “ஏழு எழுத்து” என்று சொல்லிவிட்டால் ஒரு நல்ல துப்பு வழியிலேயே காணாமல் போகிறது.

அடுத்தது எழுத்துக்கூட்டு வேறுபாடு. ஐயர் என்றால் மூன்று கட்டம், அய்யர் என்றால் நான்கு. ஔவை இரண்டு, அவ்வை மூன்று. ராமன் மூன்று, இராமன் நான்கு. வேர்வை மூன்று, வியர்வை நான்கு. விடை தெரிந்தும் “கட்டத்துக்குள் அடங்கவில்லையே” என்று விட்டுவிடுபவர்கள் நிறைய பேர். ஒரு கட்டம் கூடவோ குறையவோ வந்தால், சொல்லைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் இன்னொரு எழுத்து வடிவத்தைப் போட்டுப் பாருங்கள். க்ஷ என்பதை ஒரே கட்டத்தில் வைப்பவர்களும் உண்டு, இரண்டாகப் பிரிப்பவர்களும் உண்டு. அது புதிரை அமைத்தவரின் வழக்கம். அந்தப் புதிரிலேயே வேறு எங்காவது அப்படி வந்திருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: குறிப்பை அப்படியே வாங்குங்கள், வாலோடு

“குறிப்பு ஏதோ குழப்பம் பத்தி” என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அச்சில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். படம் என்றால் குறிப்பு மட்டும் போதாது, கட்டமும் விழ வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், தமிழ் இதழ்களின் குறுக்கெழுத்தில் குறிப்பின் கடைசியில் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘திரும்பியுள்ளது’, ‘கலைந்துள்ளது’, ‘முற்றுப்பெறவில்லை’ என்பது போல. சொல்லின் பொருளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாததால், கேட்பவர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார். ஆனால் முழுக் கணக்கையும் மாற்றுவது இந்த வால்தான். ‘திரும்பியுள்ளது’ என்றால் சொல் தலைகீழாக எழுதப்படுகிறது. ‘கலைந்துள்ளது’ என்றால் எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. அப்போது ‘மூன்றாம் எழுத்து இது’ என்ற துப்புக்கே பொருள் இல்லை, ‘சொல்லுக்குள் எங்கோ இது இருக்கிறது’ என்பது மட்டும்தான் மிஞ்சும். ‘முற்றுப்பெறவில்லை’ இவை எல்லாவற்றையும் விடச் சிக்கலானது. கட்டம் நான்கு, சொல்லோ ஐந்தெழுத்து. கடைசி எழுத்தை வெட்டிவிட்டார்கள். நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான்கெழுத்துச் சொல்லாகவே தேடிக்கொண்டிருந்தால் அது கிடைக்கவே கிடைக்காது.

குறிப்பின் இலக்கண வடிவமும் விடையின் முடிவைக் காட்டும். குறிப்பு ‘…செய்தல்’ என்று முடிந்தால் விடையும் தொழிற்பெயராக இருக்கும், கடைசியில் ‘தல்’ அல்லது ‘கை’ வர வாய்ப்பு. பன்மையில் கேட்டால் கடைசி இரண்டு கட்டம் ‘கள்’ ஆக இருக்கலாம். ஒருவரை மரியாதையாகக் குறித்தால் ‘ர்’. பென்சிலால் லேசாகப் போட்டு வைக்கலாம், உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் படி: திசை

ஆங்கிலப் புதிரில் சொற்கள் இரண்டு திசையில்தான் போகும். தமிழ் இதழ்ப் புதிர்கள் பலவற்றில் நான்கு திசை: இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். “பத்தாவது கட்டம்” என்று ஒருவர் சொன்னால் அது எந்தப் பட்டியலில் இருக்கும் பத்து என்று கேட்டே ஆக வேண்டும். ஒரே எண் இரண்டு பட்டியலிலும் இருப்பது சாதாரணம்.

கேட்பவருக்கே திசை சரியாகத் தெரியவில்லை என்றால், விழுந்திருக்கும் எழுத்துகளே சில சமயம் காட்டிக்கொடுக்கும். தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி எழுத்தில் தொடங்காது. முதல் கட்டம் என்று நினைக்கும் இடத்தில் ‘ம்’ அல்லது ‘ல்’ உட்கார்ந்திருந்தால் அது முதல் கட்டம் இல்லை, கடைசிக் கட்டம். அல்லது எழுத்துகள் கலைந்திருக்கின்றன. அதேபோல அ, ஆ, இ போன்ற தனி உயிரெழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். வலது கோடியில் ‘இ’ நின்றால் சொல் வலமிருந்து இடமாகப் போகிறது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அளபெடையும், எழுத்தெழுத்தாகச் சொல்லும் பெயர்ச் சுருக்கங்களும் மட்டும் விதிவிலக்கு. இந்த இரண்டு சோதனைக்கும் அரை நிமிடம்கூட ஆகாது.

நான்காம் படி: எந்த வெட்டும் எழுத்து உண்மையில் உதவும்?

வெட்டும் எழுத்து என்பது, குறுக்கே போகும் இன்னொரு விடையிலிருந்து நமக்கு இலவசமாகக் கிடைக்கும் எழுத்து. எத்தனை கிடைக்கும் என்பது கட்டத்தின் அமைப்பைப் பொறுத்தது. அமெரிக்க வகைப் புதிரில் ஒவ்வொரு கட்டத்தையும் இன்னொரு சொல் வெட்டும். குறிப்பே பார்க்காமல்கூட ஒரு விடை தானாக நிரம்பிவிடும். வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரும் பின்னல் வகையில் ஒன்று விட்டு ஒன்றுதான் வெட்டப்படும். அங்கே ஐந்து கட்டச் சொல்லுக்கு அதிகபட்சம் மூன்று எழுத்து, அமைப்பு மாறினால் இரண்டே எழுத்து. ஆகவே “வெட்டும் எழுத்தெல்லாம் வரட்டும்” என்று காத்திருந்தாலும் பாதிச் சொல் இருட்டில்தான் இருக்கும்.

எல்லா எழுத்துக்கும் ஒரே எடை இல்லை என்பதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் 247 எழுத்து, கிரந்தம் வேறு. ஆங்கிலத்தின் 26 எழுத்தோடு ஒப்பிட்டால், ஒரு கட்டத்தில் விழும் தமிழ் எழுத்து சராசரியாக அதிகம் சொல்லும். ஆனால் கடைசியில் வரும் ‘ம்’ ஏறத்தாழ ஒன்றுமே சொல்லாது. நகரம், உலகம், சமயம், இதயம், கடிதம், கோபுரம், உயரம் என்று நான்கெழுத்தில் மட்டுமே மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போகலாம். அதே இடத்தில் ‘ழு’வோ ‘ஞை’யோ விழுந்திருந்தால் கதை வேறு.

ஒரு காட்சியைப் பாருங்கள். ஐந்து கட்டத்தில் கடைசி மூன்று எழுத்து தெரிந்துவிட்டது: க், க, ம். பாதிக்கு மேல் வந்துவிட்டது போலத் தோன்றும். இப்போது என் மனதுக்கு எட்டியவரை எழுதுகிறேன்: பழக்கம், வழக்கம், முழக்கம், தயக்கம், மயக்கம், கலக்கம், விளக்கம், இரக்கம், உறக்கம், கிறக்கம், சுருக்கம், நெருக்கம், பெருக்கம், ஒழுக்கம், வணக்கம், இணக்கம், அடக்கம், முடக்கம், தொடக்கம், ஒதுக்கம். இருபது! யோசித்தால் இன்னும் வரும். ஐந்தில் மூன்று தெரிந்தும் நாம் இருக்கும் இடம் இது.

இந்த இருபதையும் பிரிக்க எந்தக் கட்டம் உதவும்? முதல் எழுத்தைப் பாருங்கள்: 16 வெவ்வேறு எழுத்து. வ, மு, இ, ஒ ஆகிய நான்கும் இரண்டிரண்டு சொல்லுக்கு வருகின்றன, மற்றவை ஒன்றே ஒன்று. முதல் எழுத்து கிடைத்தால் அதிகம் போனால் இரண்டு சொல் மிஞ்சும். இரண்டாம் எழுத்தில் 11 வகைதான். ட, ழ, ரு வந்தால் மும்மூன்று சொல் மிஞ்சும். எனவே அடுத்து உழைக்க வேண்டியது முதல் கட்டத்தை வெட்டும் சொல்லில். தமிழில் பின்னொட்டுகள் சொல்லின் கடைசியில் சேர்வதால், பெரும்பாலான நேரம் இதே பாடம்தான்: சொல்லின் வாலைவிடத் தலை அதிகம் சொல்லும்.

புள்ளி எழுத்து ஒன்று நடுவில் விழுந்தால் அதை வீணாக்காதீர்கள், அது அடுத்த கட்டத்தையும் பாதி நிரப்பிவிடும். க், ச், த், ப் ஆகிய நான்கும் தமிழ்ச் சொல்லுக்குள் தன் இனத்தையே அடுத்து வரவிடும். ‘க்’ வந்தால் அடுத்தது க, கா, கி, கு என்று ககர வரிசை. ‘த்’ வந்தால் தகர வரிசை. ர், ழ் இரண்டும் இதற்கு நேர் எதிர், தன் இனத்தைத் தொடரவே விடாது. ர் அடுத்து ர வராது, ழ் அடுத்து ழ வராது. நன்னூல் மெய்ம்மயக்கத்தில் சொல்லும் விதிதான் இது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோனது இங்கே கட்டம் கட்டமாக வேலை செய்கிறது. அடுத்தடுத்து இரண்டு புள்ளி எழுத்து வந்தால் (வாழ்த்து, வளர்ச்சி, காய்ச்சல் போல) முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

சக்தி, பக்தி, சப்தம், பத்மா போன்ற வடசொற்களும், ஆங்கிலத்திலிருந்து வந்தவையும் இந்த விதிக்கு அடங்காது. விதிப்படி எதுவுமே பொருந்தவில்லை என்றால் விடை வேற்றுமொழிச் சொல்லாக இருக்கலாம் என்று சந்தேகப்படலாம். அப்படிப் பார்த்தால் அதுவும் ஒரு துப்புதான்.

சித்தியின் பத்தாவது கட்டம்

சரி, இப்போது அந்தச் செய்திக்குத் திரும்புவோம். “அஞ்சு எழுத்துல ஒரு வார்த்தை.”

“சித்தி, வெள்ளைக் கட்டத்தை விரல் வச்சு எண்ணிச் சொல்லுங்க. குறிப்பை அப்படியே அடிச்சு அனுப்புங்க” என்றேன்.

கட்டம் ஐந்துதான். குறிப்பு: ‘தெளிவில்லாத நிலை’. வால் எதுவும் இல்லை.

எனக்கு உடனே தோன்றியது குழப்பம். கு, ழ, ப், ப, ம். ஐந்து எழுத்து, பொருள் கச்சிதம். குறிப்போடு நீளத்தையும் சேர்த்துப் பார்க்கும் யாருக்கும் இதுதான் முதலில் வரும். சித்திக்கும் வந்திருக்கிறது. “அதைத்தான் முதல்ல போட்டேன், ஒத்து வரல. நடுவுல க் வருது. அதுவும் முதல் எழுத்து ம்-னு இருக்கு. ம்-ல தொடங்குற வார்த்தையே கிடையாதே!” என்று பதில் வந்தது.

அவர் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். முதல் செய்தியில் இதில் ஒன்றுகூட இல்லை. முதல் எழுத்து ‘ம்’ என்பதைப் படித்ததுமே திசையைக் கேட்டேன். “பத்து எந்தப் பட்டியல்ல இருக்கு சித்தி?” பார்த்துவிட்டு, “வலமிருந்து இடம்” என்றார். ஆக இடது கோடியில் இருக்கும் ‘ம்’ சொல்லின் கடைசி எழுத்து. ஐந்து கட்டத்தில் நடுக்கட்டம் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மூன்றாவதுதான், எனவே ‘க்’ இடம் மாறவில்லை.

இந்த இரண்டு எழுத்தும் எங்கிருந்து வந்தன என்றும் கேட்டேன். தவறான வெட்டும் எழுத்தைவிட எழுத்தே இல்லாமல் இருப்பது மேல். ‘ம்’, மாதம் என்ற விடையின் கடைசி எழுத்து. குறிப்பு ‘வருடத்தில் பன்னிரண்டு’. ‘க்’, மூக்கு என்ற சொல்லின் நடு எழுத்து. குறிப்பு ‘வாசனை அறிவது’. இரண்டும் கேள்விக்கே இடமில்லாதவை. சரி, நம்பலாம்.

இப்போது ஐந்து கட்டம் இப்படி இருக்கிறது: தெரியாது, தெரியாது, க், தெரியாது, ம். ‘க்’ அடுத்து ககர வரிசை. கடைசியில் ‘ம்’ இருப்பதால் நான்காவது ‘க’ ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலே எழுதிய அதே இருபது சொல்! குழப்பத்துக்கு மூன்றாம் எழுத்து ‘ப்’ என்பதால் அது இந்தப் பட்டியலிலேயே இல்லை.

இருபதையும் குறிப்போடு வைத்துப் பார்த்தேன். தெளிவில்லாத நிலைக்குப் பொருந்துவது இரண்டு: கலக்கம், மயக்கம். தயக்கத்தையும் ஒரு கணம் எடுத்துப் பார்த்தேன். தயங்குபவருக்கு விஷயம் தெளிவாகவே தெரிந்திருக்கலாம், துணிவுதான் இல்லை, அதனால் விட்டேன். மயக்கம் என்றதும் தலைசுற்றல்தான் பலருக்கு நினைவு வரும். ‘பொருள் மயக்கம்’ என்று சொல்லும்போது அதற்குத் தெளிவின்மை என்றே பொருள். கலக்கமும் கலங்கிய நீர், கலங்கிய மனம் என்று தெளிவுக்கு எதிரானதுதான். குறிப்பை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றை விலக்க முடியவில்லை.

இங்கே ஊகித்து ஒன்றைச் சொல்லியிருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. தவறினால் அந்த ஒரு சொல் மட்டும் போகாது, அதை வெட்டும் சொல்லும் கூடவே போகும். அதனால், “வலது கோடிக் கட்டத்துல இருந்து கீழே போற சொல்லோட குறிப்பு என்ன?” என்று கேட்டேன். அதுதான் விடையின் முதல் எழுத்து விழும் கட்டம். மேலிருந்து கீழ், மூன்று எழுத்து, ‘ஆலும் வேம்பும் இது’. மரம். முதல் எழுத்து ம. மயக்கம்.

மொத்தம் நான்கு கேள்வி. எல்லாம் முதல் செய்தியிலேயே இருந்திருந்தால் ஒரே பதிலில் முடிந்திருக்கும்.

கேட்பவர் எப்படி எழுத வேண்டும்

இப்போது சித்தி அனுப்பும் செய்தி இப்படி இருக்கிறது. யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

> 10, வலமிருந்து இடம். 5 கட்டம்.
> குறிப்பு: தெளிவில்லாத நிலை
> சொல்லின் தொடக்கத்திலிருந்து: ? ? க் ? ம்
> ‘குழப்பம்’ போட்டுப் பார்த்தேன், மூன்றாம் எழுத்து ஒத்துவரவில்லை.

மூன்றாவது வரியில் ‘சொல்லின் தொடக்கத்திலிருந்து’ என்று எழுதுவது முக்கியம். இல்லாவிட்டால் வலமிருந்து இடம் போகும் சொல்லை ஒருவர் ஒரு பக்கமிருந்தும் மற்றவர் மறுபக்கமிருந்தும் படிப்பார்கள். கடைசி வரி பலரும் எழுதாதது. முயன்று விட்ட சொல்லைச் சொன்னால், உதவுபவர் அதே சொல்லைத் திரும்பக் கொடுக்க மாட்டார், எந்த எழுத்தில் சந்தேகம் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

கணினியில் சல்லடை போட நினைப்பவர்களுக்கு

சொற்பட்டியல் ஒன்று கையில் இருந்தால், கட்ட வடிவத்துக்குப் பொருந்தும் சொற்களைக் கணினியே பொறுக்கித் தரும். பைத்தானில் `len` போட்டு எண்ணினால் ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு 5 என்று வரும். எழுத்தாகப் பிரித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். அதற்கு `regex` என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள் (`pip install regex`).

```python
import regex, unicodedata

def letters(s):
    return regex.findall(r"\X", unicodedata.normalize("NFC", s))

def fits(word, pattern):
    w, p = letters(word), letters(pattern)
    return len(w) == len(p) and all(b in ("?", a) for a, b in zip(w, p))

for line in open("words.txt", encoding="utf-8"):
    if fits(line.strip(), "??க்கம்"):
        print(line.strip())
```

`normalize` வரியை எடுத்துவிடாதீர்கள். ‘கொ’ போன்ற எழுத்தை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. சொல்லைத் திருப்ப வேண்டுமென்றால் `letters(s)[::-1]` என்று எழுத்துப் பட்டியலைத் திருப்புங்கள். சொல்லை நேராகத் திருப்பினால் புள்ளியும் கொம்பும் பிய்ந்து பக்கத்து எழுத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வடிவத்தில் `?????` என்று கேள்விக்குறி மட்டும் போட்டால் என்ன நடக்கும் என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திரை நிறையச் சொற்கள் ஓடிக்கொண்டே இருக்கும். குறிப்பும் வெட்டும் எழுத்தும் இல்லாத கேள்விக்குக் கணினி தரும் பதில் அதுதான். இன்னொரு குறையும் உண்டு: கட்டுரைகளிலிருந்து திரட்டிய பட்டியலில் ‘வீட்டில்’, ‘வந்தார்கள்’ போன்ற வேற்றுமையும் வினைமுற்றும் நிறைந்திருக்கும். புதிருக்குப் பெரும்பாலும் வேண்டியது பெயரின் அடிப்படை வடிவம். இரண்டு சொல் சேர்ந்த விடைகளோ இந்தப் பட்டியல்களில் அரிதாகவே இருக்கும்.

குறிப்பே தொலைந்துவிட்டால்

சில சமயம் கேட்பவர் மறைக்கவில்லை, குறிப்பு உண்மையிலேயே இல்லை. தாள் அந்த இடத்தில் கிழிந்திருக்கும், படத்தில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், அச்சில் அந்த எண்ணே விடுபட்டிருக்கும். அப்போது அந்தச் சொல்லை நேராகத் தாக்குவதை விட்டுவிட்டு, அதை வெட்டும் சொற்களின் குறிப்புகளை மட்டும் வாங்குங்கள். அவற்றிலும் சொல்லின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் வெட்டுவதை முதலில் முடியுங்கள்.

கிடைத்த எழுத்துகளைப் போட்டு, பொருந்தும் சொற்களை எழுதிப் பாருங்கள். ஒன்றே ஒன்று மிஞ்சி, வேறு சொல் எதுவும் ஒரு நாள் கழித்து யோசித்தாலும் வரவில்லை என்றால் மையால் எழுதலாம். இரண்டு மிஞ்சினால் பென்சிலால்கூட நிரப்ப வேண்டாம். இரண்டையும் ஓரத்தில் குறித்துவைத்துவிட்டு, வெட்டப்படாத கட்டங்களைக் காலியாக விடுங்கள். பின்னல் வகைப் புதிரில் அந்தக் கட்டங்களைச் சரிபார்க்க வேறு வழியே கிடையாது. அடுத்த இதழில் வரும் விடைதான் அதை நிரப்ப முடியும்.